டயஸிபாம் நிறுத்தி நாலு நாள் ஆகியும் தூக்கம் கலையவில்லையே?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இன்னும் வேலைக்குப் போகிறார். முதுகுப் பிடிப்புக்கு கிளினிக்கில் டயஸிபாம் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரவுக்கு ஒன்று, பதினாலு நாள். சனிக்கிழமை இரவோடு முடிந்தது. இன்று புதன், இன்னும் தள்ளாடுகிறார். அரை ஆயுள், அதாவது உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறையும் நேரம், ஒரு நாள்தான் என்று படித்தேன். அப்புறம் ஏன் இப்படி? மோட்டார் ஓட்ட விடலாமா?

பதில்: மோட்டார் இப்போது வேண்டாம். செம்பனைக் குலை வெட்டும் வேலையும் வேண்டாம். தலைக்கு மேலே அரிவாள் கட்டிய கழியைத் தூக்கும் வேலை அது.

நீங்கள் படித்தது தவறில்லை. ஆனால் அது பெரும்பாலும் இளவயதுக்காரர்களின் கணக்கு. வயது ஏற ஏற டயஸிபாம் உடலில் தங்கும் நேரமும் நீளும். இது கொழுப்பில் ஊறும் மருந்து. வயதானால் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால் மருந்து பதுங்க இடமும் கூடுகிறது. அப்பாவின் வயதில் அரை ஆயுள் இரண்டு நாளோ அதற்கு மேலோ இருப்பது சாதாரணம்.

இரண்டு நாள் என்றே வைத்துக் கணக்குப் பார்ப்போம். முதல் மாத்திரையில் அடுத்த இரவுக்கு ஏறக்குறைய முக்கால் பங்கு மிச்சம் இருக்கும். அதன் மேல் இன்னொன்று விழும். இப்படிச் சேர்ந்து, பத்தாவது இரவுக்குள் உடலில் மூன்று மாத்திரைக்கு மேல் தேங்கிவிடும். சனிக்கிழமை இரவு 3.4 மாத்திரை அளவு இருந்தது என்றால், திங்கள் இரவு 1.7, இன்று இரவு 0.85. அதாவது இன்று மாத்திரை எதுவும் போடாமலே கிட்டத்தட்ட ஒரு மாத்திரை உள்ளே இருக்கிறது. முதல் இரவு போட்ட ஒற்றை மாத்திரை காலையில் தெளிந்துவிட்டதே என்று பலர் கேட்பார்கள். அப்போது மருந்து வெளியேறவில்லை, இரத்தத்திலிருந்து கொழுப்புக்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

இதுவும் பாதிக் கதைதான். கல்லீரல் டயஸிபாமை உடைக்கும்போது கிடைப்பது வெறும் கழிவு இல்லை. நார்டயஸிபாம் என்ற இன்னொரு பொருள் உண்டாகிறது. அதுவும் மூளையில் அதே இடத்தில் உட்கார்ந்து அதே தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். அதன் அரை ஆயுள் தாய் மருந்தைவிட நீளம். நாலு நாள் என்பது நடைமுறைக் கணக்கு, வயதானவர்களுக்கு இன்னும் கூடும். தினமும் சாப்பிட்டால் அதன் அளவு டயஸிபாமுக்குச் சமமாகவோ மேலாகவோ ஏறும். மாத்திரை நிறுத்திய பிறகும், மிச்சமிருக்கும் டயஸிபாம் உடைந்து புதிதாக நார்டயஸிபாம் வந்துகொண்டே இருக்கும். அதனால் இன்று அதில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கக்கூடும். முழுதாகத் தெளிய இரண்டு வாரம்கூட ஆகலாம்.

ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். முதுகு வலி மாத்திரையோடு வயிற்றைக் காக்க ஒமெப்ரசோல் கொடுத்திருக்கிறார்களா? தோட்டத்து ஆட்களின் மருந்துப் பையில் இந்த இரண்டையும் சேர்த்து நான் அடிக்கடி பார்க்கிறேன். டயஸிபாமை உடைக்கும் கல்லீரல் நொதிகளில் ஒன்றான சி.ஒய்.பி. 2சி19-ஐ ஒமெப்ரசோல் தடுக்கும். வெளியேற்றம் இன்னும் மந்தமாகும். இந்த நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாதவர்களும் ஆசியர்களில் கணிசமாக உண்டு. நீங்களாக நிறுத்த வேண்டாம். பையை அப்படியே எடுத்துப் போய் மருந்தாளரிடம் காட்டி, வேறு வயிற்று மாத்திரை மாற்றலாமா என்று கேளுங்கள். இந்த நாட்களில் கள், சம்சு, தூக்கம் வரும் சளி மருந்து மூன்றையும் தவிர்க்க வேண்டும்.

மருந்து மிச்சத்தால் வரும் தள்ளாட்டம் நாளுக்கு நாள் கொஞ்சமாவது குறையும். வியாழன் புதனைவிடத் தெளிவாக இருக்க வேண்டும். குறையாமல் கூடினால் மருந்தின் மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள். விழுந்து தலையில் அடிபட்டது, ஒரு பக்கம் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், எழுப்பினால் எழாத தூக்கம், மூச்சு மெதுவாவது என்று எது இருந்தாலும் உடனே 999.

இன்னொரு விஷயம். மெதுவாக வெளியேறும் மருந்து என்பதால், நிறுத்தியதன் எதிர்வினையும் தாமதமாக வரும். ஒரு வாரம் கழித்து அப்பாவுக்குத் தூக்கம் கெடுவது, கை நடுக்கம், காரணமில்லாத பதற்றம் வந்தால் பழைய மாத்திரையைத் தேடி எடுத்துக் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்பா பதினாலு நாள்தான் சாப்பிட்டார் என்பதால் இது லேசாகவே இருக்கும், வராமலும் போகலாம். மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் மட்டும் ஒரேயடியாக நிறுத்தவே கூடாது. டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.