ஆலோசனை அறிக்கையில் பரிந்துரைகளின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது எப்படி?

கேள்வி: வாடிக்கையாளருக்கு எழுதும் அறிக்கையில் எல்லா இடத்திலும் 'பரிந்துரைக்கிறோம்' என்றே வருகிறது. அழுத்தம் கூடியும் குறைந்தும் சொல்ல வேறு என்ன சொற்கள் உண்டு?

'பரிசீலிக்கலாம்', 'பரிந்துரைக்கிறோம்', 'வலியுறுத்துகிறோம்' என்று ஏறுவரிசையில் மூன்று படிகள் இருந்தாலே பெரும்பாலான அறிக்கைகளுக்குப் போதும். எதை எங்கே இடுவது என்பதை உங்களிடம் உள்ள சான்றின் வலுவும், வாடிக்கையாளர் அதைச் செய்யாமல் விட்டால் நேரக்கூடிய இழப்பும் சேர்ந்து தீர்மானிக்கட்டும்.

ஒரு நிறுவனம் தன் கணினித் தரவுகளுக்குக் காப்பு நகல் எடுக்கும் முறையை நீங்கள் ஆய்வு செய்ததாக வைத்துக்கொள்வோம். நகல்கள் மூலச் சர்வர் இருக்கும் அறையிலேயே இருப்பதை நேரில் பார்த்திருக்கிறீர்கள். ஒரு தீ விபத்தில் இரண்டும் சேர்ந்தே அழியும் என்பதால், "ஒரு நகலை வேறு கட்டடத்தில் வைக்குமாறு வலியுறுத்துகிறோம்" என்று எழுதலாம். நகலிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கும் சோதனை இதுவரை நடக்கவில்லை என்பதும் உறுதியாகத் தெரிந்ததே, ஆனால் நகல்கள் பழுதானவை என்பதற்குச் சான்று இல்லை, ஆகவே, "ஆண்டுக்கு இருமுறை மீட்புச் சோதனை நடத்தப் பரிந்துரைக்கிறோம்." நகல்களை 90 நாள் வைத்திருப்பதை 30 நாளாகக் குறைத்தால் சேமிப்புச் செலவு மிச்சமாகும் என்று தோன்றுகிறது, ஆனால் பழைய நகல்கள் எத்தனை முறை தேவைப்பட்டன என்பதை நீங்கள் ஆராயவில்லை, ஆகவே அங்கே, "குறைப்பதைப் பரிசீலிக்கலாம்" என்பதற்கு மேல் போக உங்களுக்கு உரிமை இல்லை.

இந்தக் கடைசி இடத்தில் "30 நாளாகக் குறைக்கலாம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். யோசனையாக நீங்கள் சொன்ன '-லாம்' அனுமதியாகவும் படிக்கப்படும். பின்னர் ஏதேனும் இழப்பு நேர்ந்தால், ஆலோசகரே சம்மதித்தார் என்று அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

'அறிவுறுத்துகிறோம்' என்பதை நான் தவிர்த்துவிடுவேன், ஏனெனில் அது மேலிடம் கீழுள்ளவர்க்குச் சொல்லும் தொனியைக் கொண்டுவருகிறது. 'முன்மொழிகிறோம்' இந்த ஏணியில் சேராது. ஒப்புதலுக்காக ஒரு புதிய திட்டத்தை முன்வைக்கும்போதுதான் அது பொருந்தும். 'கட்டாயம்' என்பதைச் சட்டமோ ஒப்பந்தமோ விதித்த கடமைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எந்த விதி என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். 'மிகவும் பரிந்துரைக்கிறோம்' போன்ற அடைமொழிகள் வேண்டாம். ஓரிடத்தில் 'மிகவும்' வந்துவிட்டால், அது இல்லாத மற்றப் பரிந்துரைகள் எல்லாம் அரைமனதானவையாகத் தெரியும்.

மூன்று சொற்களுக்கும் நீங்கள் கொள்ளும் பொருளை அறிக்கையின் தொடக்கத்தில் ஒரு பத்தியில் வரையறுத்துவிட்டு, பிறகு நடை அழகுக்காகக்கூட அவற்றை மாற்றாதீர்கள். இணையத் தொழில்நுட்ப ஆவணங்களுக்காக 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2119 என்ற வரையறை ஆவணம் இதைத்தான் செய்தது: அதன்படி 'பரிந்துரைக்கப்படுகிறது' என்ற படியில் உள்ள ஒன்றைத் தக்க காரணம் இருந்தால் விட்டுவிடலாம், ஆனால் விடுவதன் விளைவுகளை முன்பே முழுமையாக எடைபோட்டிருக்க வேண்டும். உங்கள் நடுப்படிக்கும் இந்த வரையறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.