வட்டிக்காரரின் நியாயம் வாசகரின் நியாயமாகாமல் இருக்க

“என் நாவலின் வில்லன் கந்துவட்டிக்காரர். கடனில் அவருடைய அப்பாவின் நிலம் பறிபோன கதையைச் சொன்னதும், படித்தவர்கள் எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.”

வணக்கம். பறிபோன நிலம் அவருடைய பயத்தை விளக்குகிறது. அவர் செய்வதை விளக்கவில்லை. அந்த இடைவெளியை வாசகர் இரக்கத்தால் நிரப்பிக்கொள்கிறார் என்றே நினைக்கிறேன். ஆகவே, முன்கதையைச் சில வரிகளுக்குள் சுருக்கிவிட்டு, அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் நியாயத்தை நிகழ்காலக் காட்சியில் வையுங்கள்.

பூக்கடைக்காரி ஒருத்தி பத்து வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கி, மாதம் 5,000 வீதம் பத்து மாதம் வட்டி கட்டிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய தொகை முழுவதும் திரும்பி வந்துவிட்டது. அசல் மட்டும் அப்படியே நிற்கிறது. “வங்கி வாசலில்கூட நிற்கவிடாதவளுக்கு நான்தானே கொடுத்தேன்” என்று அவர் சொல்லட்டும். அது பாதி உண்மை என்பதால்தான் வாசகருக்கு அவர் புரிவார். அடுத்த வரியிலேயே, அவள் கையெழுத்திட்டுக் கொடுத்த, தொகை எழுதாத புரோநோட்டை அவர் எடுத்து 1,50,000 என்று நிதானமாக நிரப்பட்டும். அதற்குமுன் அவருடைய பேனா ஒரு கணம் தயங்க வேண்டும். வேறு வழி இருப்பதை அவர் அறிந்தே எழுதுகிறார் என்பது அந்தத் தயக்கத்தில்தான் தெரியும்.

இன்னொன்று, அந்தக் காட்சியை அவருடைய கோணத்தில் முடிக்காதீர்கள். பூக்கடைக்காரி மறுநாள் பூ வாங்கக் காசில்லாமல் வெறும் கூடையோடு சந்தையில் நிற்பதைக் காட்டிவிட்டு, அங்கேயே நிறுத்துங்கள்.