மாமன் காட்டினால் ஏன் அழுகிறாள்?

வணக்கம் ஐயா,

என் மகளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. அவளுடைய அப்பத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு "காணோம்... காணோம்..." என்று சொல்லி, "இந்தா!" என்று விலக்கினால் விக்கல் எடுக்கும் அளவுக்குச் சிரிக்கிறாள். போன வாரம் துபாயிலிருந்து வந்த என் அண்ணன் துண்டை வைத்து அதையே செய்து காட்டினார். வீறிட்டு அழுதுவிட்டாள். பயந்த கோளாறு என்று அத்தை தர்காவுக்குத் தூக்கிப் போய் ஓதி வாங்கி வந்தார்கள். திடீரென்று முகம் தெரிவதால்தான் சிரிப்பு வருகிறது என்றால் அண்ணனைப் பார்த்தும் சிரித்திருக்க வேண்டுமே? நகைச்சுவை உணர்வே இந்த விளையாட்டில்தான் தொடங்குகிறது என்கிறார் என் கணவர். அது சரியா?

கார்த்திகா, திருமங்கலம்

அன்புள்ள கார்த்திகா,

உங்கள் கணவருக்குத் துணையாக ஒரு பெரிய ஆளே இருக்கிறார், சார்லஸ் டார்வின். 1839இல் பிறந்த தன் மூத்த மகனைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிய குறிப்புகளை அவர் 1877இல் ‘மைண்ட்’ என்ற இதழில் வெளியிட்டார். பிள்ளைக்கு 110 நாள் ஆனபோது முகத்தில் ஒரு துணியைப் போட்டுச் சட்டென்று எடுத்தால் அவனுக்கு ஒரே குஷி. டார்வின் தன் முகத்தை மூடித் திறந்து கிட்டே போனாலும் அப்படித்தான். சிரிப்பு முளைக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது என்று குறித்திருக்கிறார். இதற்கு முக்கியக் காரணம் ஆச்சரியம், பெரியவர்களின் நகைச்சுவைக்கும் பெருமளவு அதுதான் காரணம் என்றும் அங்கேயே எழுதிவிட்டார்.

நாலு மாதம்கூட நிறையாத பிள்ளைக்கு அது பொருந்தலாம். உங்கள் மகளுக்குப் பொருந்தாது. அவள் இந்த விளையாட்டை எத்தனை தடவை பார்த்திருப்பாள்! முந்தானைக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

முகத்தை மூடினால் ஆளே இல்லாமல் போய்விட்டதாகக் குழந்தை நினைக்கிறது, திரும்ப வந்ததும் அதிசயப்பட்டுச் சிரிக்கிறது என்று பலரும் சொல்வார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே சொன்னதிலிருந்து கிளம்பிய விளக்கம் இது. கண்ணுக்கு மறைந்த பொருளைக் குழந்தை தேடத் தொடங்குவது சுமார் எட்டு மாதத்தில் என்பது அவர் கணக்கு. ஆனால் மறைந்த பொருள் மறைந்த இடத்தில் இருக்கிறது என்கிற எதிர்பார்ப்பு நாலு மாதக் குழந்தைக்கே இருப்பதை 1980களில் ரெனே பையார்ஜோன் என்ற உளவியலாளர் சோதனை செய்து காட்டினார். கையை நீட்டித் தேடத்தான் இன்னும் சில மாதம் ஆகிறது. சோதனையெல்லாம் இருக்கட்டும், அப்பத்தா நிஜமாகவே காணாமல் போய்விட்டார் என்று அவள் நினைத்தால் அந்த நொடியே அழுகை அல்லவா வர வேண்டும்?

அமெரிக்காவில் ஜெராட் பாரட், ஹென்றி கிளைட்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை நேராகவே சோதித்துப் பார்த்து 1989இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆறு, ஏழு, எட்டு மாதக் குழந்தைகள். ஒருவர் ஒளிவார், மறுபடி தலை காட்டுவார். சில தடவை வழக்கம் போல அதே ஆள் அதே இடத்தில் வந்தார். நடுநடுவே ஒரு தில்லுமுல்லு. ஒளிந்தவர் ஒருவர், வெளியே வந்தவர் வேறொருவர். அல்லது ஆள் அதேதான், இடம் மட்டும் வேறு. ஆச்சரியம்தான் சிரிப்புக்குக் காரணம் என்றால் இந்தத் தில்லுமுல்லுக்குத்தான் சிரிப்பு கூடியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஏமாற்றியபோது குழந்தைகளின் சிரிப்பு குறைந்தது. எதிர்பார்த்த முகம் எதிர்பார்த்த இடத்தில் வந்தபோதுதான் நன்றாகச் சிரித்தன.

அப்படியானால் இதில் ஆச்சரியத்துக்கு இடமே இல்லையா? இருக்கிறது, ரொம்பச் சின்ன இடம். யார், எங்கே என்ற இரண்டும் தெரியும். எப்போது என்பது மட்டும் தெரியாது.

அடுத்த தடவை அத்தை விளையாடும்போது குழந்தையை விட்டுவிட்டு அவரைக் கவனியுங்கள். முதலில் பேத்தி தன் கண்ணைப் பார்க்கிறாளா என்று பார்ப்பார். பார்த்த பிறகுதான் முந்தானை ஏறும். முகம் மறைந்தாலும் குரல் மறையாது, "காணோம்... காணோம்..." துணிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும். அந்தக் குரல்தான் குழந்தைக்குப் பிடிமானம். ஒன்றிரண்டு நொடியில் துணி விலகும், புருவம் தூக்கிய சிரித்த முகம் அதே இடத்தில் தெரியும். பேத்தி சிரித்து முடிக்கும்வரை அடுத்த சுற்றை ஆரம்பிக்க மாட்டார். நாலைந்து சுற்று போன பிறகு வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக மறைந்திருப்பார், இல்லாவிட்டால் "காணோம்" என்பதை ஒரு தடவை அதிகமாக இழுப்பார். 1976இல் உளவியலாளர் ஜெரோம் புரூனர், ஷெர்வுட் என்பவரோடு சேர்ந்து இந்த விளையாட்டை ஆராய்ந்தபோது பார்த்ததும் இந்த வரிசையைத்தான். கண்ணோடு கண் சேர்வது, மறைவது, வெளிப்படுவது, மறுபடி கண்ணோடு கண் சேர்வது. வரிசை மாறாது. அதற்குள் நேரமும் குரலும் மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் கொஞ்சம் நகரும்.

துணி விலகுவதற்கு முந்தின நொடியில் குழந்தையையும் பாருங்கள். காலை உதைப்பது நிற்கும், கண் விரியும், மூச்சைப் பிடித்த மாதிரி இருப்பாள். இப்படி உற்றுக் கவனிக்கிற நேரத்தில் இதயத் துடிப்பும் சற்றுத் தணியும். அந்த நொடி சிரிப்புக்கும் பொது, அழுகைக்கும் பொது. எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவாகவில்லை.

அங்கேதான் உங்கள் அண்ணன் மாட்டிக்கொண்டார். ஏழெட்டு மாதம் என்பது புது ஆளைப் பார்த்தால் மிரளத் தொடங்குகிற வயது. ஊரிலிருந்து வந்த ஆசையில் மருமகளிடம் பழகுவதற்கு முன்பே துண்டை எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அவளுக்கு யார் என்பதே தெரியாது, அப்புறம் எப்போது என்பதில் என்ன சுவாரசியம்? டார்வினுக்கும் இது தெரிந்தே இருந்தது. தெரியாத ஆள் கிச்சுகிச்சு மூட்டினால் குழந்தை பயந்து அலறும் என்று 1872இலேயே எழுதியிருக்கிறார்.

நூறு வருடம் கழித்து ஆலன் ஸ்ரூஃப் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் முகமூடியை வைத்து இதைச் சோதித்தார்கள். குழந்தைகளுக்குப் பத்து மாதம் போல இருக்கும். அம்மா முகமூடி போட்டு வந்தால் பல குழந்தைகள் சிரித்தன. அதே முகமூடியை வேற்றாள் போட்டு வந்தால் மிரண்டன. யார் முதலில் வருகிறார் என்பதும் முக்கியமாக இருந்தது. வேற்றாள் ஒரு தடவை மிரட்டிவிட்டுப் போன பிறகு அம்மாவே போட்டு வந்தாலும் பழைய சிரிப்பு இல்லை. பலமாகச் சிரிக்க வைக்கிற அதே காரியம்தான் ஆளும் இடமும் மாறினால் அழவும் வைக்கிறது.

ஆகவே அண்ணனிடம் சொல்லுங்கள், வரிசையை மாற்றினால் போதும். குழந்தை அத்தையின் மடியிலோ உங்கள் மடியிலோ இருக்கட்டும். முதல் ஒன்றிரண்டு நாள் துண்டை எடுக்கவே வேண்டாம், சற்றுத் தள்ளி உட்கார்ந்து பேசட்டும். அவள் தானாக அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்த பிறகு ஆரம்பிக்கலாம். அப்போதும் முகம் முழுவதையும் மூட வேண்டாம், வாயை மட்டும் மறைத்துக் கண் தெரிகிற மாதிரி, குரல் கொடுத்துக்கொண்டே. "பே!" என்று பாய வேண்டாம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, உதடு பிதுங்கினாலோ, புருவம் சுருங்கினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். சில குழந்தைகள் அழுவதற்கு முன் ஒரு சங்கடச் சிரிப்புச் சிரிக்கும், அதைப் பார்த்து ஏமாந்து இன்னொரு தடவை காட்டினால் கதை முடிந்தது. ஒரு தடவை அழுததால் கெட்டுப்போவது ஒன்றும் இல்லை. அத்தை ஓதி வாங்கி வந்ததிலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது. போகவர அவர் தோளில் சாய்ந்துகிடந்ததே பாதி வைத்தியம்.

சரி, நகைச்சுவைக்கு வருவோம். நம் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பீர்கள். கதை ஆரம்பிக்கும் முன் பபூனும் டான்ஸ்காரியும் வருகிற காட்சியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இருந்து கவனிக்காமல் வந்து மோதிக்கொள்வார்கள். மோதப் போகிறார்கள் என்பது மந்தையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பையனுக்கும் தெரியும், போன வருடமும் மோதினார்கள். நல்ல பபூன் மோதுகிற மாதிரி வந்து விலகிப் போவார், திரும்புவார், மறுபடி விலகுவார். கூட்டம் மோதலுக்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடும். உங்கள் அத்தை "காணோம்" என்பதை ஒரு தடவை அதிகமாக இழுப்பதும் இதே வேலைதான். நகைச்சுவை என்றாலே எதிர்பாராதது என்கிறவர்கள் பார்த்த காமெடியையே பார்த்துச் சிரிக்கிற ஊருக்கு என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ‘இங்கிருந்துதான் தொடங்குகிறது’ என்று உங்கள் கணவர் சொல்வதை நான் முழுதாக ஏற்க மாட்டேன். இப்போதைக்கு உங்கள் மகள் ரசிகை மட்டும்தான். பிறர் காட்டுகிற வேடிக்கைக்குச் சிரிக்கிறாள். நகைச்சுவை என்று நான் சொல்வது அவள் வேடிக்கை காட்டத் தொடங்கும்போது. ஸ்ரூஃபின் ஆய்வுகளில் அம்மா ஒரு துணியை வாயில் கவ்விக்கொண்டு தொங்கவிடுவார். முதல் வருடத்தின் நடு மாதங்களில் குழந்தை அதைப் பிடுங்கிவிட்டுச் சிரிக்கும். ஒரு வயதை நெருங்கும்போது பிடுங்கிய துணியை அம்மா வாயிலேயே திரும்பத் திணிக்கப் பார்க்கும், அதுவும் சிரித்துக்கொண்டே. முகத்தை மூடித் திறக்கும் ஆட்டத்தில் துணி விலகும் முன்பே சிரிப்பு வருவதும் அந்தச் சமயத்தில்தான்.

இங்கிலாந்தில் வாசுதேவி ரெட்டி என்ற உளவியலாளர் குழந்தைகளின் குறும்புகளைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். எட்டொன்பது மாதத்திலிருந்தே, எதைச் செய்தபோது வீட்டார் சிரித்தார்களோ அதைக் குழந்தைகள் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி செய்கின்றன. சில குழந்தைகள் கையில் இருப்பதைக் கொடுக்கிற மாதிரி நீட்டி, வாங்கப் போனால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். இதை வேண்டுமென்றே செய்யும் கேலி என்று சொல்லலாமா, சிரிப்பு கிடைத்ததால் பழகிய பழக்கமா என்று சண்டை உண்டு. நான் ரெட்டி பக்கம். இழுத்துக்கொண்டதும் குழந்தை பொருளைப் பார்ப்பதில்லை, ஏமாந்தவர் முகத்தைத்தான் பார்க்கிறது.

உங்கள் வீட்டில் அது அநேகமாக முந்தானையில்தான் ஆரம்பிக்கும். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் அவளே அதைப் பிடித்துத் தன் முகத்தை மூடிக்கொள்வாள். எல்லோருமாகச் சேர்ந்து "காணோம்" என்று தேடுங்கள். அதற்குள் அண்ணன் துபாய்க்குத் திரும்பியிருந்தால் போனில் காட்டுங்கள்.