கருவாட்டு வீடியோவை ஏன் ஆட்கள் தள்ளிவிடுகிறார்கள்?

"முல்லைத்தீவுப் பக்கம் கருவாடு போட்டு விற்கிறோம். மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் ரிக்ரொக்கில் வீடியோ போடுகிறேன். 300 பார்வைக்கு மேல் போகவில்லை. வவுனியாவில் ஒருவர், மாதம் 25,000 ரூபா தந்தால் ஒரு இலட்சம் பார்வை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்கிறார். கொடுக்கலாமா?" – ஒரு வாசகி

கொடுக்க வேண்டாம், தங்கச்சி. காசும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். அந்த ஆளைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் வீடியோவைப் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய வீடியோ 52 செக்கன். முதல் ஆறு செக்கன் கடையின் லோகோ சுழன்று வருகிறது. பிறகு "அனைவருக்கும் வணக்கம்", கடையின் பெயர், ஊரின் பெயர். அதன் பிறகு கடற்கரையில் சூரியன் எழும்புகிறது. கருவாடு கண்ணில் படுவதே 17ஆவது செக்கனில்தான். நீங்கள் கூடவே அனுப்பிய படத்தில் Average watch time என்ற இடத்தில் 4 செக்கன் என்று நிற்கிறது. சராசரியாக ஒருவர் லோகோ சுழன்று முடிவதற்குள் வீடியோவைத் தள்ளிவிட்டுப் போகிறார். உங்கள் கருவாட்டை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, அவர் அதைக் காணவேயில்லை.

300இல் ஏன் நிற்கிறது என்பதற்கும் இதுதான் காரணம். ரிக்ரொக் போன்ற தளங்கள் ஒரு வீடியோவை முதலில் சிறு கூட்டம் ஒன்றுக்குக் காட்டிப் பார்க்கும். அவர்கள் நின்று பார்த்தால் அதைவிடப் பெரிய கூட்டத்துக்குக் காட்டும். அவர்கள் தள்ளிவிட்டால் அதோடு நிறுத்திவிடும். உங்களுடைய வீடியோ ஒவ்வொரு முறையும் முதல் கூட்டத்திலேயே தோற்கிறது. ஒவ்வொரு நாளும் போடுவது என்றால் ஒவ்வொரு நாளும் அதே பிழையைப் போடுவதுதான்.

இந்த லோகோவையும் வணக்கத்தையும் உங்களுக்கு யார் சொல்லித் தந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தொழில்முனைவோர் பயிற்சி என்று இரண்டு நாள் மண்டபத்தில் இருத்தி, லோகோ செய்யும் அப் ஒன்றைப் போனில் ஏற்றிவிட்டு, சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறார்கள். உங்கள் கணக்கில் எந்த இலக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று அங்கே ஒருவரும் காட்டுவதில்லை. வன்னியில் இப்படிப் பயிற்சி எடுத்த பெண்களின் வீடியோக்களை நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் முதலில் ஒரு லோகோ சுழல்கிறது. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் கொதிக்கிறது.

இனி நல்லதைச் சொல்கிறேன். 31ஆவது செக்கனில் உங்கள் அம்மா ஒரு கட்டாக் கருவாட்டை எடுத்து உள்ளங்கையில் தட்டிக் காட்டுகிறார். மண் விழவில்லை. அதுதான் உங்கள் முதல் காட்சி. கருவாடு வாங்குகிற எவருக்கும் இருக்கும் முதல் பயம் மண். கடற்கரை மணலில் காயவைத்த கருவாட்டை எத்தனை தரம் கழுவினாலும் பல்லில் நெறுநெறுக்கும். நீங்கள் பரண் கட்டி, வலை விரித்துக் காயவைக்கிறீர்கள். அதை நீங்கள் வாயால் சொன்னால் கேட்க ஆளில்லை. கண்ணால் காட்டுங்கள். ஒரு வெள்ளைத்தாளை விரியுங்கள். மணலில் காய்ந்த கருவாடு ஒன்றை அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் மண் கொட்டும். பக்கத்தில் இன்னொரு தாளில் உங்களுடையதைத் தட்டுங்கள். தாள் வெள்ளையாகவே இருக்கும். வேறு கடையின் பெயரோ பொதியோ படத்தில் வரக்கூடாது. பாட்டு வேண்டாம், அந்தத் தட்டுச் சத்தமே போதும். திரையில் ஒரு வரி எழுதுங்கள்: "உங்கட வீட்டுக் கருவாட்டைத் தட்டிப் பாத்தனீங்களோ?" இவ்வளவும் மூன்று செக்கனுக்குள் முடிய வேண்டும். ஆள் நிற்பதும் போவதும் அதற்குள்தான்.

அடுத்த ஆறு செக்கன் பரணும் வலையும். தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று தெரிய அம்மாவைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். இலையான் மொய்க்காமல் மேலே மூடியிருக்கும் வலையையும் காட்டுங்கள். அதற்கடுத்த ஆறு செக்கன் மீனைக் கீறி உப்பு வைக்கிற கை. விரல் உப்போடு கீறலுக்குள் போவதைக் கிட்டப் போய் எடுங்கள். கடைசி ஆறு செக்கன் பொதி, விலை, வட்ஸ்அப் இலக்கம். மொத்தம் 21 செக்கன். கடையின் பெயர் பொதியில் இருக்கிறது, வேறெங்கும் தேவையில்லை.

நீளத்தைப் பற்றி நிறையப் பேர் குழம்பியிருக்கிறார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போட்டால்தான் ரிக்ரொக் காசு தரும் என்று ஒரு கதை ஓடுகிறது. அந்தத் திட்டம் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு மட்டும்தான், இலங்கை அதில் இல்லை. யூரியூப் ஷார்ட்ஸ் 2024 ஒக்ரோபரிலும், இன்ஸ்ரகிராம் ரீல்ஸ் 2025 ஜனவரியிலும் மூன்று நிமிடம் வரை விடத் தொடங்கின. இடம் தருகிறார்கள் என்பதற்காக நிரப்பக்கூடாது. தமிழில் கிடைக்கிற ஆலோசனை வீடியோக்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் இருந்து வருபவை என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே 2020 ஜூனில் இருந்து ரிக்ரொக் தடை. அவர்கள் சொல்வது இன்ஸ்ரகிராமுக்கும் ஷார்ட்ஸுக்கும்தான். உங்கள் வாடிக்கையாளர் ரிக்ரொக்கில் இருக்கிறார்.

வீடியோ போட்டு இரண்டு நாள் கழித்து மூன்று புள்ளியை அழுத்தி அதன் analytics பக்கத்துக்குப் போங்கள். பார்வை எண்ணிக்கையைக் கையால் மறைத்துவிட்டு Average watch time ஐ மட்டும் பாருங்கள். இப்போது 52இல் 4, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 21 செக்கன் வீடியோவில் 11 நின்றால் பாதிக்கு மேல். அதுதான் நான் உங்களுக்கு வைக்கும் இலக்கு. அதே பக்கத்தில் கீழ்நோக்கி இறங்கும் ஒரு கோடு இருக்கும். முதல் மூன்று செக்கனில் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி விழுந்தால் வெள்ளைத்தாள் காட்சி சரியில்லை, அதை மாற்றி எடுங்கள். நடுவில் விழுந்தால் விழுகிற இடத்தில் என்ன ஓடுகிறது என்று பார்த்து அந்தத் துண்டை வெட்டுங்கள். விலை வருகிற இடத்தில் விழுவது வழமை, அதை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு நாளும் போட வேண்டாம். கிழமைக்கு மூன்று, இரவு ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில். ஒரு வெயில் நாளில் நாலைந்து வீடியோவுக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பரணே காலியாக இருக்கும் என்பது உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆவணி, புரட்டாதியிலேயே மாரிக்கும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் வடிவாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதில் பிழைவிட்டுக் கையில் இருந்த ஓடரை இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன். வெள்ளவத்தையில் இருக்கிற ஒரு அம்மா கேட்கிறார், "பஸ்ஸில போட்டுவிட்டா மணம் வெளியில வராதோ?" நீங்கள் அதற்குப் பதிலாக, இரட்டைப் பொலித்தீனில் போட்டு, காற்றை அமத்தி எடுத்து, கடதாசிப் பெட்டியில் வைத்து, வாய்க்கு ரேப் சுற்றி, பஸ்ஸில் ஏற்றுகிற வரை 70 செக்கனுக்கு எடுத்துப் போடுகிறீர்கள். அதன் சராசரி 9 செக்கன்தான் வரும், பார்வை 150இல் நிற்கும். இலக்கத்தைப் பார்த்து அதை அழித்துவிடாதீர்கள். கருவாடு வாங்கும் எண்ணமே இல்லாதவருக்குப் பெட்டி கட்டுவதில் என்ன வேலை? அவர் போய்விடுவார். வாங்க நினைக்கிறவர் கடைசி வரை பார்ப்பார், பார்த்துவிட்டு இலக்கத்தை அழுத்துவார். இப்படி ஒரு வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் சொல்லும் வீடியோவை watch time ஆல் அளக்கக்கூடாது, அது போட்ட கிழமையில் வட்ஸ்அப்பில் எத்தனை பேர் விலை கேட்டார்கள் என்பதால் அளக்க வேண்டும். அதைக் கணக்கின் மேலே பொருத்தி வையுங்கள். அதே கேள்வியோடு வருகிற அடுத்தவருக்கும் அதையே அனுப்புங்கள். ஆனால் பத்து வீடியோவில் இப்படி இரண்டுக்கு மேல் வேண்டாம். மற்றவை புது ஆட்களைப் பிடிப்பதற்கு. அவற்றுக்கு watch time தான் அளவு.

இனி அந்த வவுனியாக்காரர். ஒரு இலட்சம் பார்வையை அவர் தரத்தான் செய்வார். அதில் பொய் இல்லை, அதுதான் பொறி. அவை பெரும்பாலும் கணினிகள் திறந்து மூடும் பார்வைகள், அல்லது எந்த நாட்டிலோ இருக்கும் போன்களில் ஓடவிடும் பார்வைகள். ஒரு செக்கன், இரண்டு செக்கனில் போய்விடும். உங்கள் சராசரி 4இல் இருந்து 1க்கு இறங்கும். இந்த வீடியோவை யாரும் விரும்பவில்லை என்று தளத்துக்கு நீங்களே காசு கொடுத்துச் சொல்வது போன்றது அது. தளங்களும் இந்தத் தரகர்களுக்கு வழிதான் விடுகின்றன. யூரியூப் 2025 மார்ச் 31இல் இருந்து ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கியவுடனேயே ஒரு பார்வை என்று எண்ணுகிறது, எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற கணக்கே அதில் இல்லை. பார்வை இவ்வளவு மலிந்துபோன பிறகும் அதை 25,000 ரூபாவுக்கு விற்கிறார்கள், சனமும் வாங்குகிறது.

வாங்கியவர் யாராவது தன் கணக்கைக் காட்டினால் இரண்டு இடம் பாருங்கள். Average watch time இரண்டு செக்கனுக்குக் கீழே இருக்கும். பார்வையாளர் எந்த நாடு என்ற இடத்தில் இலங்கையும் இராது, நம் சனம் வாழும் கனடா, இலண்டனும் இராது. கீழே "விலை என்ன?" என்று ஒரு ஆளும் கேட்டிருக்க மாட்டார்.

கடவுச்சொல் இதைவிடப் பெரிய சேதம். கிளிநொச்சியில் ஒரு சிறு துணிக்கடையின் பேஸ்புக் பக்கத்தை நான் பார்த்துக்கொடுத்தேன். இரண்டு வருடமாக அந்தப் பிள்ளைகள் வளர்த்த பக்கம். ஒரு முகவருக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள். அவர் தன் மின்னஞ்சலைப் போட்டு, கடைக்காரரின் இலக்கத்தை எடுத்துவிட்டார். மூன்றாம் மாதம் காசு கட்டப் பிந்தியபோது பக்கத்துக்குள் போக முடியவில்லை. நாங்கள் தளத்துக்கு ஆங்கிலத்தில் படிவம் மேல் படிவமாக எழுதினோம். கதைக்க ஒரு மனிதர் கிடைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. பக்கம் திரும்பவேயில்லை.

நீங்கள் ஏற்கனவே கொடுத்திருந்தால் இன்றிரவே ரிக்ரொக்கில் Settings and privacy க்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கணக்கில் இருக்கும் போன் இலக்கமும் மின்னஞ்சலும் உங்களுடையவையா என்று பாருங்கள். பிறகு Security & permissions க்குள் Manage devices ஐத் திறந்து, உங்கள் போனைத் தவிர அங்கே நிற்கும் எல்லாவற்றையும் நீக்குங்கள். கடைசியாக அதே இடத்தில் 2-step verification ஐப் போட்டுவிடுங்கள், உள்ளே போகும்போது கேட்கும் இரகசிய இலக்கம் உங்கள் சிம்முக்கே வரட்டும்.