அஞ்சு கணக்கும் தப்பு, ஆனா பெரும்பாலான தப்பு ஒரே இடத்துல: ஒளிமின் விளைவு பத்தி ஒரு அம்மாவுக்கு

அம்மா, நீங்க அனுப்பின பொண்ணோட நோட்டு ஃபோட்டோவை ரெண்டு தடவை உக்காந்து பாத்தேன். "தியரி கேட்டா கடகடன்னு சொல்றா, ஒளிமின் விளைவு கணக்கு அஞ்சும் தப்பு, இஞ்சினியரிங் ஆசையை விட்டுடச் சொல்லலாமா"ன்னு கேட்டிருந்தீங்க. அந்த முடிவுக்கெல்லாம் இந்த நோட்டு போதாதுங்க. பெரும்பாலான தப்பு ஒரே இடத்துல இருந்துதான் வருது, அதை சொல்றேன், அவளையும் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க.

ஒளி பட்டு உலோகத்துல இருந்து எலக்ட்ரான் வெளிய வர்றதுதான் ஒளிமின் விளைவு, அப்படி வெளிய வர குறைஞ்சபட்சம் தேவைப்படுற ஆற்றல்தான் வொர்க் ஃபங்ஷன். முதல் கணக்கு. சீசியம், வொர்க் ஃபங்ஷன் (புக்ல வெளியேற்று ஆற்றல்னு இருக்கும்) 2.14 எலக்ட்ரான் வோல்ட், அது மேல 400 நானோமீட்டர் ஒளி விழுது, வெளிய வர்ற எலக்ட்ரானை தடுத்து நிறுத்த எத்தனை வோல்ட் வேணும், அதாவது ஸ்டாப்பிங் பொட்டன்ஷியல் என்ன. இவ ஒளித்துகளான ஃபோட்டானோட ஆற்றலுக்கு hc/λ கரெக்டா போட்டு 4.97 × 10⁻¹⁹ ஜூல்னு கொண்டு வந்துட்டா, அதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல. அடுத்த வரியில அதுல இருந்து நேரா 2.14-ஐ கழிச்சிருக்கா! ஒண்ணு ஜூல், இன்னொண்ணு எலக்ட்ரான் வோல்ட். 10⁻¹⁹ங்கிறது ஒண்ணுமே இல்லாத எண், அதனால விடை −2.14னு வந்துடுச்சு, மைனஸை அழிச்சிட்டு 2.14 வோல்ட்னு எழுதி வச்சிருக்கா. கொடுத்த வொர்க் ஃபங்ஷனே அப்படியே விடையா திரும்பி வந்தா யூனிட் கலந்துடுச்சுன்னு அர்த்தம், வேற எதையும் தேட வேண்டாம்.

இதுக்கு வழி, கணக்கை ஆரம்பிக்கும்போதே எல்லாத்தையும் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாத்திடுறது. அலைநீளம் நானோமீட்டர்ல இருந்தா

E = 1240/λ

அவ்ளோதான். 1240/400 = 3.1. அதுல 2.14 போக 0.96 எலக்ட்ரான் வோல்ட், இது எலக்ட்ரானோட அதிகபட்ச இயக்க ஆற்றல். ஸ்டாப்பிங் பொட்டன்ஷியல் 0.96 வோல்ட், அதே எண்தான், ஏன்னா ஒரு எலக்ட்ரானை ஒரு வோல்ட் தடுத்தா போற ஆற்றலுக்குத்தான் எலக்ட்ரான் வோல்ட்னே பேரு. இங்க வந்து மறுபடி 1.6 × 10⁻¹⁹ ஆல பெருக்குற பிள்ளைங்களும் நிறைய இருக்காங்க.

ஒரு விஷயம், 1240ங்கிறது ரவுண்ட் பண்ணின எண். தாள்ல h = 6.63 × 10⁻³⁴, e = 1.6 × 10⁻¹⁹னு கொடுத்திருந்து அதையே போட்டா 0.97 வரும். ஆப்ஷன் கணக்குக்கு 1240 போதும், விரிவா எழுதுற கணக்குன்னா கொடுத்த எண்ணையே போட்டு ஸ்டெப் காட்டச் சொல்லுங்க.

அடுத்து அவ ஃப்ரீக்குவென்சியை ரெண்டு மடங்கு ஆக்கினா ஸ்டாப்பிங் பொட்டன்ஷியலும் ரெண்டு மடங்கு ஆகும்னு எழுதியிருக்கா. இது யூனிட் தப்பு இல்ல, புரிதல்ல இருக்குற ஓட்டை, எனக்கு இதுதான் முக்கியமா படுது. ரெண்டு மடங்கு ஆகுறது ஃபோட்டானோட ஆற்றல் மட்டும்தான், 3.1 வந்து 6.2 ஆகுது, ஆனா உலோகம் பிடிச்சுக்குற 2.14 மாறவே மாறாது, அது அதேதான். 6.2 − 2.14 = 4.06 வோல்ட். நாலு மடங்குக்கும் மேல போயிடுச்சு பாருங்க. ஃப்ரீக்குவென்சி ரெண்டு மடங்கானா ஸ்டாப்பிங் பொட்டன்ஷியல் எப்பவும் ரெண்டு மடங்கை தாண்டித்தான் வரும், விடை சரியா ரெண்டு மடங்குன்னு வந்தா வொர்க் ஃபங்ஷனை கழிக்க மறந்தாச்சு.

அப்புறம் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. 1240/650 = 1.91, இது 2.14-ஐ விட கம்மி, அப்போ எலக்ட்ரானே வெளிய வராது, ஸ்டாப்பிங் பொட்டன்ஷியல்னு ஒண்ணு கேக்கவே முடியாது. "செறிவை பத்து மடங்கு கூட்டினா?"ன்னு சேத்து கேட்டு குழப்புவாங்க, அப்பவும் வராது, ஏன்னா ஃபோட்டான் எண்ணிக்கைதான் கூடுது, ஒவ்வொண்ணும் அதே 1.91தான். அதனால கழிக்கிறதுக்கு முன்னாடி எது பெருசுன்னு ஒரு தடவை பாத்துடணும்.

த்ரெஷோல்ட் ஃப்ரீக்குவென்சி (பயன்தொடக்க அதிர்வெண்) கேட்டா மட்டும் ஜூலுக்கு போகணும்: (2.14 × 1.6 × 10⁻¹⁹) / (6.63 × 10⁻³⁴), சுமார் 5.2 × 10¹⁴ ஹெர்ட்ஸ். 10³³ மாதிரி வந்தா 1.6 × 10⁻¹⁹ விட்டுப்போச்சு.

இன்னிக்கு ராத்திரி இந்த ஒரு கணக்கை மட்டும் கொடுங்க. ஒரு உலோகத்துல 310 நானோமீட்டர் ஒளி விழுந்தா ஸ்டாப்பிங் பொட்டன்ஷியல் 1.5 வோல்ட், அதே உலோகத்துல 500 நானோமீட்டர் ஒளி விழுந்தா எவ்ளோ? முதல்ல 1240/310 = 4, அதுல 1.5 போக வொர்க் ஃபங்ஷன் 2.5னு கண்டுபிடிக்கணும், அப்புறம் 1240/500 = 2.48. இவ "0.02 வோல்ட்"னு எழுதினா எனக்கு மெசேஜ் போடுங்க, "எலக்ட்ரானே வராது"ன்னு எழுதினா அடுத்த பாடத்துக்கு போகலாம்.