சரக்கு வந்த பிறகு எகிறும் ஃபார்வர்டர் பில்: கேள்வி பதில்

கோவை, பம்ப் உதிரிபாகம் விற்பவர்: மேடம், சீனாவின் நிங்போவில் இருந்து 24 அட்டைப்பெட்டி எல்.சி.எல்-லில், அதாவது பலர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில், சென்னைக்கு வந்திருக்கிறது. சென்னைச் செலவு 17,000 வரை ஆகும் என்று, சரக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யும் ஃபார்வர்டர் வாயால் சொன்னார். இப்போது வரியோடு 31,860 ரூபாய்க்கு பில். கேட்டால் “டெஸ்டினேஷன் சார்ஜஸ் சார், எல்லாருக்கும் அப்படித்தான்” என்கிறார். கட்டிவிடலாமா?

கட்டாதீங்க, சண்டையும் போடாதீங்க. முதலில் எழுத்தில் கேளுங்க. போனில் கேட்டால் “ரெண்டாயிரம் குறைச்சுக்கலாம்” என்று பேச்சு தள்ளுபடிக்குப் போய்விடும், பில்லில் எது தப்பு என்று கடைசி வரை தெரியாது. சி.பி.எம். என்பது கன மீட்டர், சி.எஃப்.எஸ். என்பது கன்டெய்னரைப் பிரித்து சரக்கை வைக்கும் கிடங்கு. இப்படி ஒரு மெயில் போதும்:

“உங்கள் பில் கிடைத்தது. ஒவ்வொரு கட்டணத்துக்கும் எத்தனை சி.பி.எம்., ஒரு சி.பி.எம்-முக்கு என்ன ரேட், டாலரில் போட்டிருந்தால் எந்தத் தேதியின் எந்த மாற்று விகிதம், அந்தப் பணம் கப்பல் கம்பெனிக்கா, சி.எஃப்.எஸ்-ஸுக்கா, உங்கள் சொந்தக் கட்டணமா என்று தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். அடுத்தவருக்குக் கட்டியதற்கு அவர்கள் பில் நகலும் வேண்டும். இது வரும்வரை தொகையை நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளை மாலைக்குள் பதில் வேண்டும்.”

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீங்க. அப்புறம், பேக்கிங் லிஸ்ட்டையும், ஃபார்வர்டர் தரும் சரக்கு ரசீதான ஹவுஸ் பி.எல்-லையும் எடுத்து, அதில் எத்தனை சி.பி.எம். என்று பாருங்க. பெட்டி அளவு என்ன?

அதே கோவைக்காரர்: பெட்டி 60 × 45 × 40 செ.மீ. பி.எல்-லில் 2.592 சி.பி.எம். என்று இருக்கிறது. மெயில் போட்டதும் பிரித்து அனுப்பிவிட்டார்கள். ஹேண்ட்லிங் 4 சி.பி.எம். × 2,500 = 10,000. துறைமுகத்தில் சரக்கைக் கையாளும் கட்டணமான டி.எச்.சி. 4 × 1,500 = 6,000. டெலிவரி ஆர்டர், அதாவது டி.ஓ. 4,500. நிர்வாகக் கட்டணம் 3,500. இதர செலவு 3,000. மொத்தம் 27,000, மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. 2.592 எப்படி 4 ஆச்சு?

உங்க பெட்டி ஒன்று 0.108 சி.பி.எம்., 24 பெட்டிக்கு 2.592, அது சரி. ஆனால் அங்கே பேலட்டில் அடுக்கிக் கட்டினார்களா என்று சப்ளையரிடம் கேளுங்க. 120 × 100 பேலட்டில் உங்க பெட்டி ஒரு அடுக்குக்கு நாலுதான் உட்காரும். மூன்று அடுக்கு, அடியில் கட்டை, ஆக உயரம் 135 செ.மீ. வரும். ஒரு பேலட் 1.62, இரண்டு பேலட் 3.24. எல்.சி.எல்-லில் பெட்டியின் அளவைப் பார்ப்பதில்லை, பேலட் அடைக்கிற இடத்துக்குத்தான் காசு. அதனால் 3.24 வரை அவர்கள் கேட்பது நியாயம், அதை நீங்க ஒத்துக்கணும். 3.24-ஐ 4 ஆக்கியது எந்த ஒப்பந்தப்படி என்று கேளுங்க. கொட்டேஷனில் “முழு சி.பி.எம்-முக்கு உயர்த்தப்படும்” என்று எழுதியிருந்தால் வாதமே இல்லை. எழுதவில்லை என்றால் அந்த 0.76-க்கு ஹேண்ட்லிங், டி.எச்.சி. இரண்டிலும் சேர்த்து 3,040 ரூபாய் அதிகம் போட்டிருக்கிறார்கள்.

“இதர செலவு” என்று ஒரு வரியை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. இதர என்றால் எதற்கு என்று ஒரு பெயராவது இருக்கணும். நிர்வாகக் கட்டணம் கொட்டேஷனில் இருந்ததா என்று மட்டும் பாருங்க.

சென்னை, சி.எஃப்.எஸ்-ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்: அம்மா சொன்னதில் ஒன்று சேர்க்கணும். கன்டெய்னரைப் பிரிக்கும்போது டேலி ஷீட் போடுவோம். எத்தனை உருப்படி, பேலட்டா பெட்டியா, உடைந்ததா என்று அதில் இருக்கும். சந்தேகம் வந்தால் அந்த நகலைக் கேட்கலாம், மறு அளவும் எடுக்கச் சொல்லலாம். பேலட் கட்டை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அந்த அளவையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள், அதனால் மறு அளவில் கூடவும் வாய்ப்பு உண்டு.

நன்றி ஐயா. கோவைக்காரர் 3.24 என்று கணக்குப் போட்டுவிட்டு 3.4 வந்தால் திகைக்க வேண்டாம்.

திருப்பூர், பட்டன் ஜிப் இறக்குமதி: எங்களுடையது சி.ஐ.எஃப். வாங்கல். சரக்கு வந்து சேரும் வரை சப்ளையர் பொறுப்பு. அப்புறம் நாம ஏன் இந்த பில்லையே பார்க்கணும்? சைனாக்காரனிடமே அனுப்பச் சொல்லிவிடலாமே.

பாதி சரி சார். சி.ஐ.எஃப்-பில் சென்னைத் துறைமுகம் வரை கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் அவர் செலவு. இறக்கியது முதல் ஆகிற செலவு, சப்ளையர் போட்ட கப்பல் ஒப்பந்தத்தில் அது அவர் தலையில் இல்லையென்றால், உங்களுடையது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுப்பது சப்ளையர். ஃபார்வர்டர் அவருக்கு வாடகையை மிக மலிவாகக் கொடுத்துவிட்டு, அந்தக் குறைவை இங்கே இருக்கிற ஏஜென்ட் மூலம் சரக்கு வாங்குபவரிடம் எடுப்பது எல்.சி.எல். தொழிலில் பழக்கமாகவே இருக்கிறது. நீங்க அந்த ஃபார்வர்டருக்கு கஸ்டமர் இல்லை, ரேட் பேச ஆளும் இல்லை. அடுத்த ஆர்டருக்கு, கப்பல் வாடகையை நீங்களே கட்டும் எஃப்.ஓ.பி. முறையில் வாங்கி உங்க ஃபார்வர்டரை வைங்க, இல்லையென்றால் ஆர்டர் கொடுக்கும் முன்பே சென்னைக் கட்டணப் பட்டியலை சப்ளையர் வழியாக எழுத்தில் வாங்குங்க.

மதுரை, வீடு கட்டுபவர்: அக்கா, எனக்கு ரெடிமிக்ஸ் லாரி காத்திருந்ததாக 2,400 ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். இதையும் சி.பி.எம். வைத்து கேட்கணுமா?

இல்லை தம்பி, உங்களுக்குக் கணக்கு நேரத்தில். ஒவ்வொரு லாரியின் டெலிவரி சலானிலும் சைட்டுக்கு வந்த நேரம், வெளியே போன நேரம் இருக்கா, அதில் உங்க ஆள் கையெழுத்து போட்டாரா என்று பாருங்க. இலவசமாக எத்தனை நிமிடம், அதற்கு மேல் என்ன ரேட் என்பதை ஆர்டரில் தேடுங்க. அவர்கள் லாரி தாமதமாக வந்து வரிசையாக நின்றிருந்தால் அந்த நேரம் உங்க கணக்கில் வரக்கூடாது.

தூத்துக்குடி, புதிதாக இறக்குமதி செய்பவர்: கேள்வி கேட்டால் டி.ஓ. தரமாட்டேன் என்கிறார்கள். டி.ஓ. இல்லாமல் சரக்கை எடுக்க முடியாது, இங்கே வாடகை ஓடுகிறது.

இங்கேதான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். கோபத்தைத் தள்ளிவைத்து ஒரு கணக்குப் போடுங்க. தகராறில் இருப்பது 6,000, சி.எஃப்.எஸ். இலவச நாள் முடிந்து தினம் 1,500 ஓடுகிறது என்றால், நாலு நாளில் நீங்க ஜெயித்தாலும் தோற்ற மாதிரிதான். அதனால் சரக்கு வரப்போகிறது என்று சொல்லும் அரைவல் நோட்டீஸ் வந்த அன்றே, கப்பல் கரை சேரும் முன்பே கேள்வியை அனுப்பணும். நேரம் போய்விட்டது என்றால், ஒப்புக்கொண்ட கட்டணங்களை உடனே கட்டி, மீதியை “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு” என்று மெயில் போட்டுவிட்டுக் கட்டி டி.ஓ. வாங்குங்க. குறைத்துக் கொடுக்கச் சம்மதித்தால் கிரெடிட் நோட்டாகக் கேளுங்க, “அடுத்த சரக்கில் பார்த்துக்கலாம்” என்பதை நம்பாதீங்க. இன்னொன்று: இறக்கிய நாளில் இருந்து 30 நாளில் எடுக்கவில்லை என்றால் சுங்கச் சட்டம் 48-ஆம் பிரிவில் ஏலத்துக்கு வழி உண்டு. அவ்வளவு தூரம் இழுக்காதீங்க.

ஈரோடு, கணக்காளர்: ஃபார்வர்டர் வெறுமனே வாங்கி சி.எஃப்.எஸ்-ஸுக்குக் கட்டுகிற தொகைக்கும் மேலே 18 சதவீதம் போடுகிறார். இரட்டை வரி இல்லையா?

அவர் உங்க ப்யூர் ஏஜென்ட்டாக நடந்துகொண்டால் சி.ஜி.எஸ்.டி. விதி 33-இன்படி அதைத் தான் ஜி.எஸ்.டி. போடும் தொகையில் சேர்க்க வேண்டாம். ஆனால் உங்க அனுமதி இருக்கணும், பில்லில் தனியாகக் காட்டணும், கட்டிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்கக்கூடாது. மூன்றாமவர் பில்லைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். சி.எஃப்.எஸ். பில் 5,000, உங்களிடம் வாங்கியது 7,500 என்றால் அது ஏஜென்ட் வேலை இல்லை, அவர் வியாபாரம், முழுத் தொகைக்கும் வரி வரும்.

கோவைக்காரர்: பதில் வந்துவிட்டது. 3.24-க்கு மாற்றிவிட்டார்கள், இதர செலவையும் எடுத்துவிட்டார்கள். நிர்வாகக் கட்டணத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள். கொட்டேஷனே வாய்வார்த்தைதான்.

கொட்டேஷன் எழுத்தில் இல்லாதபோது அந்த 3,500-க்கு உங்க கையில் பிடி குறைவு. பாதியாக்கக் கேட்டுப் பாருங்க. திருத்திய பில் கையில் வந்த பிறகு பணம் அனுப்புங்க, பழைய பில் நம்பருக்கு அனுப்பிவிடாதீங்க.