பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணா கேள்வி ஏன் துண்டு துண்டா வருது? கேள்வி-பதில்

இந்த தடவை வாசகர்கள் கேட்டு அனுப்பின கணக்குல பாதிக்கு மேல ஒரே ரகம். வினாத்தாள் பிடிஎஃப்ல இருந்து ஒரு கணக்கை காப்பி பண்ணி அனுப்பிருக்காங்க, வந்து சேர்ந்தது தலையும் வாலும் இல்லாம. அதனால இந்த முறை கணக்கை விட்டுட்டு காப்பி பண்ற விஷயத்தையே பேசிடலாம்.

கேள்வி: சார், ஸ்கிரீன்ல இடது, வலதுன்னு ரெண்டு காலமா அழகா இருக்கு, பேஸ்ட் பண்ணா ரெண்டு கேள்வி ஒண்ணோட ஒண்ணு கலந்துடுது. ஃபைல் கெட்டுப்போச்சா?

ஃபைல் நல்லாத்தான் இருக்கு. பிடிஎஃப்குள்ள "பத்தி", "வரி", "காலம்"னு ஒண்ணும் இருந்தே ஆகணும்னு இல்ல, பேஜ்ல இந்த இடத்துல இந்த எழுத்தைப் போடுங்கற உத்தரவுதான் வரிசையா இருக்கும், சில ஃபைல்ல வார்த்தைக்கு நடுவுல இருக்கற ஸ்பேஸ் கூட இருக்காது, இடைவெளியைப் பாத்து வியூவர்தான் "இங்க ஒரு ஸ்பேஸ் இருக்கணும்"னு யூகிக்கும். நீங்க மவுஸை இழுக்கும்போதும் அதே யூகம்தான் நடக்குது. ரெண்டு காலத்துக்கு நடுவுல இடைவெளி கம்மியா இருந்தா அதை சாதாரண ஸ்பேஸ்னு நெனச்சு குறுக்கால ஒரே வரியா எடுத்துடும். நீங்க அனுப்பினது இப்படித்தான் வந்துச்சு:

```
14. 2 மீ நீளமுள்ள ஒரு கம்பியின் 17. இரு மின்தடைகள்
குறுக்குவெட்டுப் பரப்பு 3 × 10-6 மீ2. தொடர் இணைப்பில்
அதன் மின்தடை 6 ஓம் எனில், உள்ளன. அவற்றின்
```

14-ம் கேள்வியும் 17-ம் கேள்வியும் பின்னிக்கிடக்கு. ஒரு வரிக்குள்ள ரெண்டு கேள்வி நம்பர் வந்தா காலம் கலந்துடுச்சுன்னு தெரிஞ்சுக்கலாம். இதை பேஸ்ட் பண்ணின அப்புறம் கையால பிரிக்காதீங்க, எந்த "எனில்" எந்தக் கேள்வியோடதுன்னு குழம்பும். காப்பி பண்ணும்போதே தடுத்துடணும். கம்ப்யூட்டர்ல அக்ரோபாட் ரீடர்னா ஆல்ட் கீயை அழுத்திக்கிட்டே மவுஸை இழுங்க, வரி வரியா செலக்ட் ஆகாம ஒரு கட்டம் மாதிரி செலக்ட் ஆகும், இடது காலத்தை மட்டும் கட்டத்துக்குள்ள அடக்கிட்டா போதும்.

நிறைய பேஜ் இருந்து கமாண்ட் லைன் பழக்கமும் இருந்தா `Poppler`ல வர்ற `pdftotext` டூல் நல்லது. ஆனா `-layout` போடாதீங்க, எல்லாரும் அதைத்தான் முதல்ல போடறாங்க. அது பேஜ்ல இருக்கற தோற்றத்தை அப்படியே காப்பாத்தும், அதாவது ரெண்டு காலத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சே கொடுக்கும். அட்டவணைக்கு அது சரி, ரெண்டு காலக் கேள்விக்கு நேர் எதிர். எதுவும் போடாம விட்டாலே அது காலத்தைப் பிரிச்சு எடுக்கப் பாக்கும். அதுவும் தப்பா வந்தா பேஜை நடுவுல வெட்டிடுங்க. ஏ4 பேஜோட அகலம் 595 பாயிண்ட், உயரம் 842, அதனால 3-ம் பேஜோட இடது பாதிக்கு:

```
pdftotext -f 3 -l 3 -x 0 -y 0 -W 297 -H 842 paper.pdf left.txt
```

வலது பாதிக்கு `-x 297 -W 298`, ஃபைல் பேரையும் மாத்திக்கோங்க. நடுக்கோடு சரியா நடுவுல இல்லாத பேப்பர்ல அந்த 297-ஐ கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் பாக்கணும்.

கேள்வி: காலம் சரியா வருது. ஆனா நான் போட்ட கணக்குக்கு விடை 36, ஆப்ஷன்ல 36-ஏ இல்ல. கேள்வி தப்பா?

இதுவும் அதே 14-ம் கேள்விதான், இன்னொரு வாசகர் அனுப்பினது. கேள்வி சரி, காப்பிதான் தப்பு. மேல பாருங்க, "3 × 10-6 மீ2". அசல்ல அது 3 × 10⁻⁶ மீ². அடுக்கு எண்ணுங்கறது சின்ன சைஸ்ல கொஞ்சம் மேல தள்ளி வச்ச எழுத்து, அவ்வளவுதான், காப்பி பண்ணும்போது அந்த உயரம் போயிடும், எண் மட்டும் கீழ எறங்கி வந்து உக்காந்துக்கும். நீங்க 10-6ஐ கழிச்சு 4 ஆக்கி, பரப்பு 12ன்னு எடுத்து, 6 × 12 ÷ 2 = 36ன்னு போட்டிருக்கீங்க. உண்மையில 6 × 3 × 10⁻⁶ ÷ 2, மின்தடை எண் 9 × 10⁻⁶ ஓம் மீட்டர்.

வரி உடைஞ்சா கண்ணுக்குத் தெரியும், இது தெரியவே தெரியாது, படிக்க சரியாவே இருக்கும், அதனாலதான் எனக்கு இதுமேலதான் பயம் அதிகம். பின்னமும் இப்படித்தான், மேல இருக்கற 1 ஒரு வரியா, கீழ இருக்கற 2 அடுத்த வரியா வந்து பக்கத்துல இருக்கறதோட ஒட்டிக்கும், வர்க்கமூலக் கோடு சில சமயம் காணாமலே போயிடும். எண் இருக்கற கேள்வின்னா டெக்ஸ்ட்டோட கூடவே அந்த இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிடுங்க, இல்லன்னா அடுக்கை `10^-6`னு கையால திருத்துங்க.

கேள்வி: ஒவ்வொரு வரியும் பாதில உடையுது. வேர்டுல எல்லா என்டரையும் எடுத்தா மொத்தமும் ஒரே பத்தி ஆயிடுது. என்ன பண்ண?

உடைஞ்ச வரி எது, உண்மையான பத்தி முடிவு எதுன்னு வேர்டுக்குத் தெரியாது, நீங்கதான் முதல்ல குறிச்சுக் கொடுக்கணும். ஒவ்வொரு கேள்வி நம்பருக்கும் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் முன்னாடி ஒரு காலி வரி விடுங்க, பிடிஎஃப்ல இருந்து வரும்போது பெரும்பாலும் காலி வரி வராது, அதனால இந்த வேலை கையாலதான். அப்புறம் `Replace`க்கு போங்க, அங்க `^p`னா ஒரு என்டர், முதல்ல `^p^p`ஐ `@@`ன்னு மாத்துங்க, மிச்சம் இருக்கற `^p`ஐ ஒரு ஸ்பேஸா மாத்துங்க, கடைசியா `@@`ஐ திரும்ப `^p` ஆக்குங்க. இந்த வரிசை மாறக்கூடாது.

தமிழ்ல இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. வரி கடைசில "மின்கடத்", அடுத்த வரில "தும்"னு ஹைஃபன் இல்லாம வார்த்தையை உடைச்சிருப்பாங்க, ஸ்பேஸ் போட்டுச் சேத்தா "மின்கடத் தும்" ஆயிடும். சேக்கறதுக்கு முன்னாடி வரி ஆரம்பத்தை மட்டும் மேலேர்ந்து கீழ ஓட்டிப் பாருங்க. ண, ள, ழ, ற, ன வரிசை எழுத்துல தமிழ் வார்த்தை ஆரம்பிக்காது, அதனால "ளின்", "றது"ன்னு ஒரு வரி தொடங்கினா அது மேல் வரியோட மிச்சம்தான், ஸ்பேஸ் இல்லாம ஒட்டிடலாம். "தும்" மாதிரி த-வுல ஆரம்பிக்கறது இந்த வலைல சிக்காது, அதைப் படிச்சுப் பாத்துத்தான் பிடிக்கணும்.

கேள்வி: "கேள்வி"ங்கறது "ேகள்வி"ன்னு வருது, சில இடத்துல எழுத்தே மாறிடுது.

இது வரிப் பிரச்சனை இல்ல, ஃபான்ட் பிரச்சனை. பேஜ்ல ேங்கற கொம்பு க-வுக்கு முன்னாடி நிக்குது, காப்பி ஆகும்போது கண்ணுக்குத் தெரியற அந்த வரிசையிலயே வந்துடுது. பழைய, யூனிகோட் இல்லாத ஃபான்ட்னா இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கொட்டும். அந்த மாதிரி ஃபைலோட மல்லுக்கட்டாதீங்க, ஸ்கிரீன்ஷாட்டே போதும்.

கேள்வி: நான் டீச்சர். நான் தயார் பண்ற வினாத்தாளே பசங்களுக்கு இப்படி உடைஞ்சு போகுதாம். என் பக்கத்துல என்ன செய்யலாம்?

ரெண்டு காலத்தை எப்படிப் பண்றீங்கன்னு முதல்ல பாருங்க. இடது பக்கம் ஒரு வரி அடிச்சு, டேப் தட்டி, வலது பக்கம் அடுத்த கேள்வியோட வரி அடிக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, அப்படி அடிச்சா ஃபைலுக்குள்ளயே கேள்வி கலந்துதான் இருக்கு, எந்த வியூவராலயும் பிரிக்கறது கஷ்டம். வேர்டுல இருக்கற `Columns` வசதிலயே போடுங்க. நாலு ஆப்ஷனை ரெண்டுக்கு ரெண்டா வைக்கறதுக்குப் பதிலா ஒண்ணு கீழ ஒண்ணா வச்சா வரிசை அ, இ, ஆ, ஈன்னு மாறிப் போகாது. பிடிஎஃப்பா சேவ் பண்ணும்போது `Options`ல `Document structure tags for accessibility`ங்கறதுல டிக் இருக்கான்னு பாத்துக்கோங்க, எது பத்தி, எதுக்கு அப்புறம் எதைப் படிக்கணும்ங்கற தகவல் அதுல சேர்ந்துடும். பிரின்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கினா பெரும்பாலும் அந்தத் தகவல் போயிடும்.